இருபத்தைந்துக்கும் இருநூற்று நாற்பதுக்கும் இடையில்

நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன் என்பது தெரிந்த நாள் முதல், கூட்டம் நடத்தத் தெரியாதவர்களும் கூட்டத்தை நிறுத்தத் தெரியாதவர்களும் என் படலையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். திணைக்களத்தில் ஒழுக்காற்று விசாரணைகள் நடத்தியே தலை நரைத்தவன் என்பதால், சண்டை பிடித்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்கக்கூடிய விஷயத்தைக்கூட என்னிடம் கொண்டுவந்து ‘விசாரணை’ ஆக்கிவிடுவார்கள். சவாரிச் சங்கத்துத் தலைவர் வந்து முன்கதிரையின் நுனியில் உட்கார்ந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

“சேர், நீங்கள் ஒருக்கா இருந்து பாக்கவேணும். எங்கடையாக்களிலை ஆர் இருந்தாலும் மற்றவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.”

“நான் சவாரி பாத்தே கனகாலம். மாட்டைப்பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது.”

“அதுதான் சேர் வேணும். மாட்டைப்பற்றித் தெரிஞ்சவன் எல்லாம் ஏதோ ஒரு பக்கம்.”

விஷயம் இதுதான். சாவகச்சேரிக்குத் தெற்கே, மாடு மேயும் வெட்டவெளியான தரவை ஒன்றில் சவாரி நடந்திருக்கிறது. சோடி மாடு பூட்டிய மெல்லிய வண்டில்கள் இரண்டிரண்டாக ஓடி, முதலில் எல்லைக் கோட்டைத் தாண்டுவது வெல்லும். முன்பெல்லாம் மாட்டை விரட்டும் கேட்டியின் நுனியில் ஆணி வைத்துக் குத்துவது சாதாரணம். பத்திரிகையில் கண்டனங்கள் வரத்தொடங்கியதும் சங்கமே கூடி ஆணியைத் தடைசெய்தது. கேட்டி வைத்திருக்கலாம், காற்றில் வீசலாம், வண்டிலில் தட்டலாம். மாட்டில் ஆணி பட்டால் சாரதிக்கும் அந்தச் சோடிக்கும் ஆயுள் தடை. மேன்முறையீடு கிடையாது. விதியை எழுதியவருக்கு மேன்முறையீடு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது என்பது என் ஊகம்.

முதலிடத்தில் வந்த சோடியின் சாரதிமீது இரண்டாவதாக வந்த சோடியின் சொந்தக்காரர் முறைப்பாடு கொடுத்திருந்தார். சாரதி வெங்காயத் தோட்டம் செய்யும் மனிதர். மனைவி இறந்த பிறகு அவருக்கு இருந்தது ஒரு மகளும் இரண்டு மாடுகளும்தான். மகள் உடுப்பிட்டிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் விளையாட்டு ஆசிரியை. கிழமை முழுவதும் அங்கே தங்கி, சனி ஞாயிறில் வருவாள். மற்ற நாட்களில் அவர் மாட்டோடு கதைத்துக்கொண்டிருப்பார் என்று ஊரில் சொல்வார்கள். தடை விழுந்தால் அவர் தரவைப் பக்கம் மறுபடி போக முடியாது. தடை வாங்கிய சோடியை வேறு சவாரிக்காரனும் வாங்கமாட்டான். உழவோ பாரமோ இழுக்கப் பழகாத மாட்டைக் கமக்காரனும் வாங்கமாட்டான். வாங்குகிறவன் யார் என்பதைத் தலைவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“ஓட்டம் முடிஞ்ச கையோடை நடுவர் மாட்டைப் பாத்தாரோ?” என்றேன்.

“இல்லை சேர். சனம் மாலை போட்டு, தூக்கி, வெடி கொளுத்தி... மாட்டுக்கு மஞ்சள் தண்ணியும் ஊத்திப்போட்டாங்கள்.”

“அப்ப சாட்சி?”

தலைவர் தன் போனை எடுத்தார். “உது கிடக்குது.”

சங்கத்துக்கு எப்போதும் படம் பிடித்துக்கொடுக்கும் வீடியோக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட துண்டு அது. பின்னணியில் மேளம் அதிர, இரண்டு மாடுகளும் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் மெல்ல மெல்ல எழுந்து விழுகின்றன. சாரதியின் வலது கை உயர்கிறது. கேட்டி இறங்குகிறது. வலது மாட்டின் பின்தொடைக்கு மேலே அதன் நுனி போய் அழுந்த, தோல் பள்ளமாகிறது. பிறகு கேட்டி மேலே வருகிறது. கனடாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த திட்டுக்கள் அதற்குக் கீழே வரிசையாக இருந்தன. இங்கே இருந்தபோது மாட்டுச் சாணியைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள் சிலரின் பெயரும் அதில் இருந்தது.

“பாத்தியளோ சேர்? வடிவாத் தெரியுதெல்லோ.”

வடிவாகத்தான் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் அனுபவத்தில், தற்செயலாக அகப்பட்ட சாட்சி ஒன்றும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

நான் முதலில் செய்தது, நாற்பது வருடமாகச் செய்து பழகியது. பிரதியை ஏற்கமாட்டேன், மூலத்தைக் கொண்டுவா என்று வீடியோக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். குழுவுக்குள் போய் வந்த வீடியோ சுருக்கப்பட்டது, பாதித் தகவல் போய்விட்டது. எடுத்த போனில் இருக்கும் கோப்புத்தான் மூலம். இந்த விதி எனக்குப் புதிதல்ல. கார்பன் பிரதி காலத்திலேயே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடியோக்காரர் அடுத்த நாள் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று ஒன்றும் விடமாட்டார். போனைத் தாங்கும் கைப்பிடி ஒன்றும், லென்சுக்கு முன்னால் கௌவிக்கொண்டிருந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வைத்திருந்தார்.

“உதென்ன தம்பி, போனுக்குக் குளிர்க்கண்ணாடியோ?”

“வெளிச்சத்தைக் குறைக்கிறதுக்குச் சேர். வெயிலிலை ஷட்டரை அம்பதிலை வைக்கேலாது, எல்லாம் வெள்ளையாப் போயிடும். உதைப் போட்டால் வைக்கலாம்.”

“ஏன் அம்பதிலை வைக்கவேணும்?”

அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். செகண்டுக்கு இருபத்தைந்து படம் எடுக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் உள்ள நேரத்தில் சரிபாதி ஷட்டர் திறந்திருந்தால் அதை நூற்றெண்பது பாகை என்பார்கள். அதாவது செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படி எடுத்தால் அசைவில் அளவான மங்கல் வந்து சினிமாபோல இருக்கும். அத்தோடு எங்கள் மின்சாரத்துக்கும் அது பொருந்தும். மண்டபத்து ரியூப் லைற் படத்தில் துடிக்காது. கல்யாண மண்டபத்துக்கென்று பூட்டி வைத்த அந்த அமைப்பை அவர் எங்கேயும் மாற்றுவதில்லை.

“தரவையிலை ரியூப் லைற் இல்லையே தம்பி.”

“இல்லைத்தான் சேர். ஆனா லுக் நல்லாயிருக்கும்.”

“சரி. செகண்டுக்கு இருபத்தஞ்சு எடுத்தீர். குழுவிலை போட்டது எட்டு மடங்கு மெதுவா ஓடுது. அப்ப மிச்சப் படங்கள் எங்கையிருந்து வந்தது?”

“அது ஆப் செய்யும் சேர். ‘ஸ்மூத்’ எண்டு ஒண்டு இருக்கு, அதை அமத்தினால் இடையிலை உள்ளதை அதுவே நிரப்பிவிடும்.”

“நிரப்பும் எண்டால்?”

“இந்தப் படத்திலை கை இங்கை, அடுத்த படத்திலை கை அங்கை எண்டால், நடுவிலை எங்கை இருந்திருக்கும் எண்டு பாத்துப் புதுசாப் படம் கீறும்.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு மனிதனின் ஆயுள் தடைக்கான சாட்சியில் எட்டில் ஏழு பங்கு கீறியது என்பதை, சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவார்கள் என்பதுபோலச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அழகாக்கினார். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சத்தியம் செய்தார்கள்.

மூலக் கோப்பை இருவரும் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம். ஒரு படத்தில் கேட்டி உயர இருந்தது. அடுத்ததில் விசிறிபோலப் பரவிய ஒரு சாம்பல் மங்கல். அதற்கடுத்ததில் கேட்டி மறுபடி மேலே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். முழுவேகத்தில் ஓடும் மாடு ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒரு முழம் போய்விடும். கேட்டி நுனி அதைவிட வேகம். அதிலும் ஷட்டர் மூடியிருக்கும் அந்தப் பாதி நேரத்தில் நடந்ததை அந்தப் போன் பார்க்கவேயில்லை. பார்த்த பாதியையும் ஒரே மங்கலாகத்தான் எழுதி வைத்திருந்தது. மாட்டின் தோலில் விழுந்த அந்தப் பள்ளம் மூலத்தில் எங்கேயும் இல்லை.

அன்று பின்னேரம் நான் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். விசாரணை அதிகாரி தன் மனைவியைச் சாட்சியாக எடுக்கக்கூடாது என்பது தெரியும். ஆனால் வேறு யாரும் என் தலையணையை அடிக்க முன்வரமாட்டார்கள்.

“கதிரைச் சட்டத்திலை அடி. தலையணையிலை படக்கூடாது. பக்கத்திலை.”

“உந்த வயதிலை உங்களுக்கு என்ன விசர் பிடிச்சிருக்கு?”

“அடி எண்டால் அடி.”

“உங்களிலை அடிக்கச் சொன்னால் ஒரே அடியிலை முடிச்சிருப்பன்” என்றபடி அவள் தும்புத்தடியால் கதிரைக் கையில் ஓங்கிப் போட்டாள். வீடியோக்காரர் சொன்ன அதே அமைப்பு, அதே ஆப், அதே பொத்தான். மெதுவாக்கிய படத்தில் தடி இறங்கும்போது, பக்கத்தில் இருந்த தலையணையின் ஓரமும் தடியோடு சேர்ந்து உள்ளே வளைந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.

“நான் உதிலை படேல்லையே!”

“இல்லை.”

“அப்ப என்ன இது? நாளைக்கு நான் உங்களை அடிச்சதெண்டும் இதிலை காட்டலாமோ?”

“காட்டலாம்.”

அவள் போனை என்னிடம் தரும்போது இரண்டு விரலால் பிடித்துத் தந்தாள்.

விசாரணை சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில், ஒரு ஞாயிறு காலை. நீள மேசையில் பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். நான், தலைவர், முறைப்பாட்டுக்காரர், வீடியோக்காரர். சாரதி வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக, கல்யாணத்துக்கு வந்தவர்போல வந்திருந்தார். பக்கத்தில் மகள். சப்பாத்தும் கட்டையாக வெட்டிய நகங்களுமாக, மைதானத்திலிருந்து நேரே வந்தவள்போல் இருந்தாள்.

நான் இரண்டு கோப்புகளையும் ஓடவிட்டுக் காட்டினேன். தலையணையையும் காட்டினேன். அதில் மனைவி தெரிந்ததைத் தலைவர் மரியாதைக்காகக் கவனிக்காததுபோல் இருந்தார்.

“ஆகவே, குழுவில் வந்த துண்டை நான் சாட்சியாக ஏற்கவில்லை. மூலத்தில் கேட்டி மாட்டில் பட்டதற்கும் ஆதாரமில்லை, படாததற்கும் ஆதாரமில்லை” என்றேன்.

முறைப்பாட்டுக்காரர் லொறி வைத்து ஓடுபவர். மேசையில் குத்தினார். “அப்ப உவர் குத்தேல்லை எண்டோ சொல்லுறியள்?”

“தெரியாது எண்டு சொல்லுறன்.”

“தெரியாது எண்டு சொல்லுறதுக்கோ உங்களைக் கூப்பிட்டது?”

“தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல ஊரிலை கனபேர் இருக்கினம். நான் எதுக்கு?”

சாரதி மூச்சை விட்டார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழும்பத் தொடங்கினார். அப்போதுதான் மகள் வாய் திறந்தாள்.

“சேர், என்னட்டை ஒரு வீடியோ இருக்கு.”

“உது தேவையில்லைப் பிள்ளை” என்றார் அவர். “சேர் சொல்லிப்போட்டாரெல்லோ. எழும்பு, போவம்.”

“இல்லையப்பா. தெரியாது எண்டு விட்டால் நாளைக்கும் கதைப்பினம். குத்தேல்லை எண்டு முழுசாத் தெரியட்டுக்கும்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நேற்றே எங்கடை ஊர்க் குழுவிலை போட்டிட்டன் சேர். கேட்டி வண்டில் மரத்திலைதான் படுது. இப்ப எல்லாரும் மாறிக் கதைக்கினம்.”

ஏன் எடுத்தாள் என்று கேட்டேன். பெரிய விஷயமில்லை. ஒரு மாதமாக இடது மாடு ஓட்டத்தில் பின்காலை இழுப்பதுபோல் இருந்தது. ஏனென்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். நீளம் பாயும் பிள்ளைகளின் கால் பலகையைத் தாண்டி மிதிக்கிறதா என்று பார்க்க, போனிலேயே உள்ள ஸ்லோ மோஷனைத்தான் அவள் பாவிப்பாள். செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம். அதையே தரவைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். எல்லைக் கோட்டுக்கு இடது பக்கம் நின்ற டிராக்டர் பெட்டியில் ஏறி நின்று, மேலிருந்து எடுத்திருக்கிறாள். வீடியோக்காரர் நின்றது வலது பக்கம்.

“ஷட்டர்?” என்று வீடியோக்காரர் இடையில் கேட்டார். தொழில்காரருக்கு அது ஒரு அரிப்பு.

“அது போனே பாத்து வைக்கும். அந்த வெயிலுக்கு ஆயிரத்திலை ஒண்டுக்கும் குறைவாத்தான் இருந்திருக்கும்.”

“அப்ப மங்கலே வராதே. வெட்டின மாதிரி இருக்கும்.”

“எனக்கு வெட்டின மாதிரித்தான் வேணும். கால் கோட்டிலையோ வெளியிலையோ எண்டு பாக்க மங்கல் எதுக்கு?”

“குழுவில் போட்டதை நான் பார்க்கமாட்டேன். போனில் உள்ளது வேண்டும்” என்றேன். வீடியோக்காரரிடம் கேட்டதை அவளிடம் கேட்காமல் விட முடியாது. விதி என்றால் இரண்டு பக்கத்துக்கும் விதி.

சாரதி மறுபடி, “பிள்ளை, வா” என்றார். குரல் இறங்கியிருந்தது. அவள் கவனிக்கவில்லை. போனை மேசையில் வைத்து, பெருவிரலால் படத்தை நகர்த்தத் தொடங்கினாள்.

நாங்கள் எல்லோரும் குனிந்தோம். இதில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் மாடு மூன்று விரலகலம்தான் நகர்ந்தது. குளம்பிலிருந்து பறந்த மண்கட்டிகளைத் தனித்தனியாக எண்ணலாம்; ஒவ்வொன்றும் படத்துக்குப் படம் தன் வழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எந்த ஆப்பும் அப்படிக் கீறாது. கேட்டி இறங்கியது. வலது மாட்டின் முதுகுக்கு ஒரு சாண் இப்பால், இரண்டு மாட்டுக்கும் நடுவே போகும் மரத்தில் அது பட, மரத்திலிருந்து சிறு தூசி எழும்பியது. கேட்டி வளைந்து நிமிர்ந்தது. நுனியில் ஆணி இல்லை.

“பாருங்கோ சேர்” என்றாள். முகம் மலர்ந்திருந்தது. தலைவர், “அட, மரத்திலைதான்” என்றார்.

அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் எடுத்தது கேட்டியைப் பார்க்க அல்ல, காலைப் பார்க்க. பழக்கத்தில் விரல் தொடர்ந்து நகர்ந்தது. இடது மாட்டின் பின்கால் நிலத்தை விட்டு எழும்பும் இடம் வந்தது. கால் எழும்பவில்லை, மடிந்து, இழுபட்டு, பிறகு துள்ளியது. ஏன் என்று அவள் கொஞ்சம் பின்னுக்குப் போனாள். ஒரு படம். இன்னொரு படம். விரல் நின்றது.

கயிறு பிடித்திருந்த சாரதியின் இடது கை, எல்லோரும் கேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இடது மாட்டின் வாலடிக்கு நீண்டிருந்தது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், ஆணி நுனியளவு ஒரு வெளிச்சப் புள்ளி. அடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. விரல்கள் தோலோடு சேர்ந்திருந்தன. இன்னும் சில படங்கள் தள்ளி அது மறுபடி வெளியே வந்தது.

அவள் குழுவில் போட்ட பிரதியில் இது ஏன் தெரியவில்லை என்று பிறகு பார்த்தேன். அங்கே கை முழுவதும் நாலைந்து சதுரங்களாகக் கரைந்து போயிருந்தது. அவள் பிரதியை மட்டும் கொண்டுவந்திருந்தால், நான் பிரதியை ஏற்றிருந்தால், அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலர்ந்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

தலைவரின் கண்ணுக்கு அது படவில்லை. முறைப்பாட்டுக்காரர் கண்டுவிட்டார், அவர் கழுத்து அசையாமல் போனதிலிருந்து தெரிந்தது. அவள் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவள் தள்ளவில்லை. இரண்டு படம் பின்னுக்குக் கொண்டுபோய், அந்தப் புள்ளியில் நிறுத்தி, இரண்டு விரலால் பெருப்பித்தாள்.

“அப்பா, இடக்கையிலை என்ன?”

அவர் மேசையைப் பார்த்தார். போனைப் பார்க்கவில்லை.

“அப்பா.”

“மூடு பிள்ளை. காணும்.”

வாசிகசாலையின் மறுபக்கத்தில் யாரோ பத்திரிகைத் தாளைப் புரட்டினார். எல்லோரும் அதைக் கேட்டோம்.

அதன்பிறகு நடந்ததை, நாற்பது வருட அனுபவத்தில் நான் ஒரு விசாரணையிலும் கண்டதில்லை. முறைப்பாட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “சேர், நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன்.”

“ஏன்?”

“கேட்டி மரத்திலைதானே பட்டிருக்கு. நான் கேட்டியைப் பற்றித்தானே சொன்னனான்.”

“கையைப் பற்றி?”

“எந்தக் கை?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சேர், நாளைக்கு எல்லாரும் இடப்பக்கம் நிண்டு உப்பிடி எடுக்கத் தொடங்கினால் தரவையிலை ஆர் மிஞ்சுறது?” என்றார்.

தலைவருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அவர் வேகம் ஆச்சரியமாக இருந்தது. “சேர், வீடியோவை நம்பேலாது எண்டு நீங்கள்தானே சொன்னியள். தலையணையைக் காட்டினியள். இப்ப இதை மட்டும் எப்பிடி நம்புறது?”

“அது இருபத்தஞ்சை இழுத்து நீட்டினது. இதிலை ஒவ்வொரு படமும் உண்மையா எடுத்தது.”

“உங்களுக்கு விளங்கும் சேர். சனத்துக்கு வீடியோ வீடியோதான். ஒண்டைத் தள்ளினால் எல்லாத்தையும் தள்ளவேணும், அதுதானே நியாயம்.”

நான் வீடியோக்காரரைப் பார்த்தேன். உண்மை அவருக்குத் தெரியும். அவர் தன் கறுப்புக் கண்ணாடியைச் சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த சவாரிக்கும் அவர்தான் படம் பிடிக்கவேண்டும்.

நான் விளங்கப்படுத்தினேன். இருமுறை விளங்கப்படுத்தினேன். படத்துக்குப் படம் மண்கட்டி நகர்வதைக் காட்டினேன். கோப்பின் விவரத்தில் இருநூற்று நாற்பது என்று இருப்பதைக் காட்டினேன். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு, சவாரி விஷயத்தில் இனி எந்த வீடியோவும் சாட்சியாக ஏற்கப்படாது என்று மூன்று நிமிடத்தில் தீர்மானித்தார்கள். முறைப்பாடு வாபஸ் பெறப்பட்டது. முதலிடம் மாறவில்லை. என் அறிக்கை தேவையில்லை என்றார்கள்; நான் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். கண்டதைத்தான் எழுதினேன், இரண்டு கைகளையும் பற்றி. தலைவர் அதை இரண்டாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு, “பெரிய உதவி சேர்” என்றார்.

சாரதி ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் எழுந்தார். தடை இல்லை என்று தலைவர் அவர் தோளைத் தட்டியபோது தலையை மட்டும் ஆட்டினார். வாசலில் நின்று மகளைப் பார்த்தார். அவள் எழும்பவில்லை.

“வரேல்லையோ?”

“நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸிலை போறன்.”

“இண்டைக்கு ஞாயிறு. நாளைக்குத்தானே பள்ளிக்கூடம்.”

“ஓம். இண்டைக்கே போறன்.”

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நேரம் என்பது அப்போது என் நினைவுக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை.

நான் பத்திரிகைகளை மேசையில் பழையபடி பரப்பிவிட்டு வெளியே வந்தபோது, அவள் நெடுஞ்சாலைப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். வெயில் ஏறியிருந்தது. கையில் போன். திரையில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அதே இடத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“சேர், ஒண்டு கேக்கட்டோ?”

“கேளும் பிள்ளை.”

“அந்த ஆப் நடுவிலை கீறினது எண்டு சொன்னியளெல்லோ. என்ரை போனும் அப்பிடிக் கீறியிருக்குமோ? சில போனிலை தானாக் கீறும் எண்டு வாசிச்சிருக்கிறன்.”

கீறும்தான். செகண்டுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் படம் என்று பெருமை பேசும் சில போன்களில் பாதிக்கு மேல் கீறியதுதான். அவளுடையது அந்த வகையல்ல. அது அவளுக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் கால் பலகைக்கு வெளியே என்று அந்தப் போனை நம்பித்தானே அவள் கொடி உயர்த்துகிறாள். இருந்தும் கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்று காலை அதே சொல்லை நான் எல்லோருக்கும் முன்னால் பெருமையாகச் சொன்னேன். அப்போது அது உண்மையாக இருந்தது.

“இல்லைப் பிள்ளை. உம்மடை போன் கீறேல்லை.”

“ஒண்டிலையும்?”

“ஒண்டிலையும்.”

“ஓம் சேர்.”

பருத்தித்துறை பஸ் வந்தது. அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு ஏறினாள். ஜன்னல் ஓரம் இடமிருந்தும் நடுவில் நின்றுகொண்டே போனாள்.